நான்கு வரி போதும்

(கோவையில் பம்ப்செட், மோட்டார் உற்பத்தியாளர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏற்றுமதியைப் பற்றியோ வார்ப்படத்தைப் பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு ஒரு கடிதத்தைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன். நம் தொழிலிலேயே இருக்கிற இன்னொருவருக்கு, நாம் எந்தக் கடைக்குச் சரக்குப் போடுகிறோமோ அதே கடைக்குச் சரக்குப் போடுகிற ஒருவருக்கு, விருது கிடைக்கிறது. அவருக்கு நாம் எழுத வேண்டிய பாராட்டுக் கடிதம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழில் நடத்தியவன் நான். டெண்டர் எழுதியிருக்கிறேன், வங்கிக்கு எழுதியிருக்கிறேன், பாக்கி வராத கடைக்காரருக்கு எழுதியிருக்கிறேன். அவை எதிலும் செய்யாத தப்பை இந்த ஒரு கடிதத்தில் செய்தேன். அதனால்தான் இதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒருவர் மோட்டார் கம்பெனி வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒரு லேத்தோடு ஆரம்பித்து மேலே வந்தவர். ஒரு வருஷம் அவருக்கு ஏற்றுமதி விருது கிடைத்தது. அதே விருதை அதற்கு முன் நாங்கள் இரண்டு முறை வாங்கியிருந்தோம். அந்த வருஷமும் விண்ணப்பித்திருந்தோம், கிடைக்கவில்லை. பத்திரிகையில் செய்தி பார்த்ததும் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றியது. மனதில் கள்ளம் எதுவும் இல்லை, உண்மையாகவே சந்தோஷப்பட்டுத்தான் எழுதினேன். அந்தக் கடிதத்தின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. படிக்கிறேன்.

“அன்புடையீர், வணக்கம். ஏற்றுமதிக்கான விருது இந்தத் தடவை தங்களுக்குக் கிடைத்திருப்பது அறிந்து மகிழ்ச்சி. இதே விருதை இருமுறை பெற்றவர்கள் என்ற முறையில் இதன் அருமை எங்களுக்குத் தெரியும். சிறிய அளவில் தொடங்கி, பல சிரமங்களுக்கிடையே தாங்களும் இந்த நிலைக்கு வந்திருப்பது பாராட்டுக்குரியது. தங்கள் டிசைன் பிரிவில் இருக்கும் இளைஞரின் திறமையை நாங்கள் நன்கு அறிவோம். தகுதியானவர்களுக்கே விருது போயிருக்கிறது. இனிமேல் விலையில் போட்டி போடாமல் நாம் இணைந்து செயல்பட வேண்டும். மேலும் மேலும் வளர வாழ்த்துகிறோம்.”

அந்த இளைஞரின் பெயரைக் கடிதத்தில் எழுதியிருந்தேன். இங்கே வாசிக்கும்போது விட்டுவிட்டேன்.

கேட்கும்போது மரியாதையான கடிதமாகத்தான் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நலம் விசாரித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “அண்ணா, உங்க லெட்டர் வந்துச்சுங்க. நீங்க ரெண்டு தடவை வாங்குனது எங்களுக்கும் தெரியுமுங்ணா.” அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. பந்திக்கு அழைத்தார்கள், எழுந்து போய்விட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நகலை எடுத்து, அவர் இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தேன். வணக்கத்துக்குக் கீழே ஏழு வாக்கியம். ஒன்றுகூடத் தேறவில்லை.

முதல் வாக்கியத்தில் ‘இந்தத் தடவை’ என்று இருக்கிறது. அந்த இரண்டு சொல் எதற்கு? விருதுச் செய்தி அந்த வாரம்தான் வந்தது. எந்தத் தடவை என்று அவருக்குச் சொல்லத் தேவையே இல்லை. தேவையில்லாத இடத்தில் ‘இந்தத் தடவை’ வந்தால், போன தடவை வேறொருவருக்கு, அடுத்த தடவை வேறொருவருக்கு என்று பொருள். அதாவது ‘இது உனக்கு வந்து தங்கியது அல்ல, சுற்றி வருகிறபோது உன் கையில் பட்டது’ என்று பொருள். எழுதும்போது நான் அப்படி நினைக்கவில்லை. தோற்ற மனது எனக்குத் தெரியாமலே அந்தச் சொற்களைப் போட்டுக்கொண்டது.

மூன்றாவது வாக்கியத்தில் ‘தாங்களும்’ என்கிறேன். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நம் தமிழில் காயம் செய்வது பெரிய சொல் அல்ல, சொல்லின் வாலில் ஒட்டுகிற சின்ன எழுத்துகள். ‘நீங்கள் வந்துவிட்டீர்கள்’ என்பது ஒரு செய்தி. ‘நீங்களும் வந்துவிட்டீர்கள்’ என்றால், நாங்கள் முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று சேர்ந்துகொள்கிறது. ‘நீங்களே வாங்கிவிட்டீர்கள்’ என்றால், நீங்கள் வாங்குவீர்கள் என்று யாரும் நினைக்கவில்லை என்று ஆகிறது. ‘இந்த வருஷமாவது கிடைத்ததே’ என்றால் பழைய தோல்விகளை எல்லாம் எண்ணிக் காட்டுகிறோம். உம், ஏ, ஆவது. இந்த மூன்றும் பாராட்டுக் கடிதத்தில் எங்கே வந்தாலும் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு மறுபடி படியுங்கள்.

எல்லா ‘உம்’மும் தப்பு என்று நான் சொல்லவில்லை. ‘தங்களுக்கும் தங்கள் தொழிலாளர்களுக்கும்’ என்று இரட்டையாக வருகிற ‘உம்’ ஆளைச் சேர்க்கிற ‘உம்’. அதில் குற்றமில்லை. ஒற்றையாக வருகிறபோதுதான் அது இன்னொருவரை நிழலாகக் கூட்டிவருகிறது. அந்த நிழல் பெரும்பாலும் நாமாகத்தான் இருப்போம். இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான் ‘ஒருவழியாக’, ‘எப்படியோ’, ‘பல சிரமங்களுக்கிடையே’. அவர் சிரமப்பட்டார் என்பது உண்மை. ஆனால் அதை அவர் மேடையில் சொல்லலாம். போட்டியாளன் சொன்னால், ‘எங்களுக்கு இயல்பாக வந்தது, உனக்கு மூச்சு வாங்கித்தான் வந்தது’ என்று கேட்கும்.

‘சிறிய அளவில் தொடங்கி’ என்பதும் அப்படித்தான். அவர் ஒரு லேத்தில் தொடங்கியது ஊருக்கே தெரியும். பெருமையோடு அவரே சொல்வார். நான் சொன்னபோது அது பெருமையாக இல்லை.

இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். ‘இதே விருதை இருமுறை பெற்றவர்கள் என்ற முறையில்.’ அவர் கல்யாண வீட்டில் சொன்னது இந்த வாக்கியத்தைத்தான். ஏழு வாக்கியக் கடிதத்தில் அவர் மனதில் நின்றது இந்த ஒன்று மட்டும். எனக்கு அப்போது தெரியாத ஒரு விஷயத்தைப் பிற்பாடு படித்தேன். இதே தப்பு உலகத்தின் பெரிய கார் கம்பெனிகளின் பெயரில் வந்த விளம்பரங்களில் நடந்து, அது பரவலாகப் பேசப்பட்டிருக்கிறது.

2006ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவில் அந்த ஆண்டின் சிறந்த கார் என்ற விருது ஆடி கம்பெனிக்குக் கிடைத்தது. பி.எம்.டபிள்யூ பெயரில் ஒரு விளம்பரம் வந்தது. ஆடிக்கு வாழ்த்து, அதற்குக் கீழே ஒரு வரி: இப்படிக்கு, 2006இல் உலகின் சிறந்த கார் விருதை வென்றவர்கள் என்ற பொருளில். அந்த ஆண்டு உலக விருது பி.எம்.டபிள்யூவின் 3 சீரிஸ் காருக்குத்தான் போயிருந்தது. ஆகவே சொன்னது உண்மை. ஆனால் வாழ்த்து அந்தக் கடைசி வரியில் செத்துப்போயிற்று. அடுத்து ஆடியின் பெயரில் பதில் விளம்பரம் சுற்றியது. உலக விருதுக்கு வாழ்த்து, இப்படிக்கு, 2000 முதல் 2006 வரை லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தைத் தொடர்ந்து ஆறு முறை வென்றவர்கள். அதற்கடுத்து சுபாரு பெயரில் ஒன்று. இருவருக்கும் அழகுப் போட்டியில் வென்றதற்கு வாழ்த்து, இப்படிக்கு, 2006ஆம் ஆண்டின் சர்வதேச எஞ்சின் விருதை வென்றவர்கள்.

ரசிக்கிறவர்கள் இதை ரசித்தார்கள். நான் ஒரு பட்டறைக்காரனாக அதன் கணக்கைப் பார்த்தேன். லெ மான் பந்தயத்தை ஆடி 2000, 2001, 2002, 2004, 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 2003இல் வென்றது பெண்ட்லி. ஆறு முறை என்பது சரி, தொடர்ந்து என்பது தவறு. சுபாருவின் எஞ்சின் 2006இல் வென்றது இரண்டு முதல் இரண்டரை லிட்டர் வரையிலான பிரிவில். அந்த ஆண்டின் ஒட்டுமொத்த எஞ்சின் விருதை வாங்கியது வேறு யாருமில்லை, பி.எம்.டபிள்யூவின் ஐந்து லிட்டர் எஞ்சின். யாரைக் கிண்டல் செய்தார்களோ அவர்களே வென்றிருந்த விருது அது.

பாராட்டுக் கடிதத்துக்குள் தன் பெருமையை நுழைத்தவன் அவசரத்தில் அதைக் கொஞ்சம் ஊதிவிடுகிறான். படிக்கிறவர் போட்டியாளர். நம் பெருமையை நம்மைவிடச் சரியாகக் கணக்கு வைத்திருப்பவர் அவர்தான். நான் இருமுறை என்று எழுதியிருந்தேனே, அதில் ஒன்று சிறப்புச் சான்றிதழ்தான், முதல் பரிசு அல்ல. அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா?

அப்படியானால் கடிதத்தில் நம்மைப் பற்றி ஒரு வார்த்தையும் வரக் கூடாதா? வரலாம், ஒரே ஒரு விதத்தில். சினிமாத் தொழிலில் அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1975இல் வந்த ஸ்பீல்பெர்க்கின் ‘ஜாஸ்’ படத்தின் வசூலை 1977இல் ஜார்ஜ் லூக்காஸின் ‘ஸ்டார் வார்ஸ்’ தாண்டியது. இது விருது அல்ல, சாதனை. ஆனாலும் நிலைமை ஒன்றுதான். ஸ்பீல்பெர்க் தொழில் பத்திரிகை ஒன்றில் முழுப்பக்கம் எடுத்து லூக்காஸுக்கு வாழ்த்துச் சொன்னார். அந்த விளம்பரப் படத்தில் ‘ஸ்டார் வார்ஸ்’ கதையில் வரும் சின்ன இயந்திர மனிதன் ‘ஜாஸ்’ சுறாவைத் தூண்டிலில் மாட்டி வைத்திருக்கும். கூடவே சில வரிகள். 1998இல் ‘டைட்டானிக்’ தன் படத்தைத் தாண்டியபோது லூக்காஸ் ஜேம்ஸ் கேமரூனுக்கு அதேபோல் விளம்பரம் கொடுத்தார். 2019இல் ‘அவெஞ்சர்ஸ்’ தன் ‘டைட்டானிக்’கைத் தாண்டியபோது கேமரூன், அவெஞ்சர்ஸ் சின்னத்தில் மோதி தன் கப்பல் மூழ்குவதுபோலப் படம் போட்டு மார்வெல் கம்பெனிக்கு வாழ்த்துச் சொன்னார்.

இவர்கள் எல்லோரும் தங்களைப் பற்றித்தான் படம் போட்டார்கள். ஆனால் எப்படிப் போட்டார்கள்? தூண்டிலில் மாட்டியது தன் சுறா, மூழ்கியது தன் கப்பல். தோற்றவனாக மட்டும்தான் அந்தக் கடிதத்துக்குள் நுழைந்தார்கள். கார் கம்பெனிகள் வென்றவர்களாக நுழைந்தன. இந்த வித்தியாசம்தான் எல்லாம். தோற்றவனாக நுழைவதற்கு நீண்ட பழக்கமும் நட்பும் வேண்டும். ஸ்பீல்பெர்க்கும் லூக்காஸும் நண்பர்கள். நமக்கு அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் நுழையாமலே இருப்பதுதான் சரி.

மிச்ச வாக்கியங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நான்காவதில் அவருடைய டிசைன் பையனைப் பெயர் சொல்லிப் பாராட்டினேன். நம் ஊரில் போட்டிக் கம்பெனி முதலாளி ஒருவர் இன்னொரு கம்பெனி ஆளைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தால், கேட்கிற முதலாளிக்கு என்ன தோன்றும்? ‘பையனை இழுக்கப் பார்க்கிறார்’ என்று தோன்றும். அந்தப் பையனுக்கும் கஷ்டம். ‘உனக்கும் அவருக்கும் என்ன பழக்கம்?’ என்று கேட்பார்கள். அதனால் ஆளின் பெயர் வேண்டாம். ‘தங்கள் தொழிற்சாலையில் உழைக்கும் அனைவருக்கும்’ என்றால் போதும்.

ஐந்தாவது, ‘தகுதியானவர்களுக்கே விருது போயிருக்கிறது.’ தகுதி பார்க்க நான் யார்? தேர்வுக் குழு பார்த்துவிட்டது. நடுவர் நாற்காலியில் நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன். அதில் இருக்கிற ‘ஏ’ வேறு, முன்னால் வாங்கியவர்களில் தகுதி இல்லாதவர்கள் உண்டு என்று சொல்கிறது.

ஆறாவது வாக்கியம்தான் ஆபத்தானது. ‘விலையில் போட்டி போடாமல் நாம் இணைந்து செயல்பட வேண்டும்.’ நட்பாகத்தான் எழுதினேன். பிற்பாடு எங்கள் வக்கீல் இதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் 3ஆம் பிரிவு இருக்கிறது. ஒரே தொழிலில் இருக்கிற போட்டியாளர்கள் விலையைத் தீர்மானிக்கவோ, உற்பத்தியைக் கட்டுப்படுத்தவோ, சந்தையைப் பங்கிட்டுக்கொள்ளவோ ஒப்பந்தம் செய்வதை அது தடுக்கிறது. ஒப்பந்தம் என்றால் முத்திரைத்தாளில் எழுதியதாக இருக்க வேண்டும் என்பதில்லை, வாய்மொழிப் புரிந்துணர்வும் அந்தச் சட்டத்தில் ஒப்பந்தம்தான். நாளைக்கு ஒரு அரசு டெண்டரில் நாங்கள் இருவரும் ஒரே மாதிரி விலை போட்டிருந்தால், தற்செயலாகவே போட்டிருந்தாலும், என் லெட்டர்பேடில் என் கையெழுத்தோடு அந்த வரி இருந்திருக்கும். பாராட்டுக் கடிதத்தில் விலை, சந்தை, வாடிக்கையாளர், டெண்டர் ஆகிய நான்கைப் பற்றியும் ஒரு எழுத்துகூட வரக் கூடாது. ‘ஒருநாள் உட்கார்ந்து பேசுவோம்’ என்ற வரிகூட வேண்டாம்.

இதை ஒட்டி இன்னொன்று. இருவருக்கும் நடுவில் வழக்கு இருந்தால், குறிப்பாக டிரேட் மார்க் வழக்கு இருந்தால், வக்கீலைக் கேட்காமல் எழுதாதீர்கள். எந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கும்போது, ‘தங்களுடைய புகழ்பெற்ற இந்தப் பிராண்டுக்கு’ என்று நாமே எழுதிக்கொடுத்தால் அது எதிர்த்தரப்பின் சான்று ஆகிவிடலாம். அந்த நேரத்தில் நேரில் பார்க்கும்போது கையைப் பிடித்து ‘ரொம்ப சந்தோஷம்’ என்று சொன்னால் போதும்.

கடைசி வாக்கியம், ‘மேலும் மேலும் வளர வாழ்த்துகிறோம்.’ பாராட்டு வேறு, வாழ்த்து வேறு. செய்து முடித்ததற்குப் பாராட்டு, இனி நடக்கப்போவதற்கு வாழ்த்து. விருது என்பது செய்து முடித்ததற்குக் கிடைப்பது. அதற்குப் பாராட்டுத்தான் பொருத்தம். வாழ்த்து என்ற சொல்லில் வயதும் கலந்திருக்கிறது. மூத்தவர் இளையவரை வாழ்த்துவது நம் வழக்கம். நம் ஊர்ப் பேனர்களில் ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்’ என்று போடுகிறார்களே, அது இந்தச் சிக்கலை உணர்ந்து வந்த வரிதான். நான் அவரைவிட மூத்தவன். வாழ்த்த எனக்கு வயது இருக்கிறது. ஆனால் அவர் உயர்ந்து நிற்கிற நாளில் என் வயதை எடுத்துக் காட்ட வேண்டுமா? அதனால் அடுத்த கடிதத்தில் ‘தம்பி’ என்றும் எழுதவில்லை, ‘வாழ்த்துகிறேன்’ என்றும் எழுதவில்லை. பேச்சில் அவர் எனக்குத் தம்பிதான். கடிதத்தில் நண்பர்.

அடுத்த கடிதம் என்றேன். மூன்று வருஷம் கழித்து அவருக்கு மறுபடியும் விருது கிடைத்தது. அந்த முறை நான் எழுதியது இது:

“மதிப்புக்குரிய நண்பருக்கு, வணக்கம். தங்கள் நிறுவனத்துக்கு ஏற்றுமதி விருது கிடைத்த செய்தியை இன்று காலைத் தினசரியில் படித்தேன். லோ வோல்டேஜில் காயில் எரியாத மோட்டார் என்று கடைக்காரர்கள் தங்கள் மோட்டாரைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வேலைப்பாட்டுக்கு இந்த மதிப்பு கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி. தங்களுக்கும் தங்கள் தொழிற்சாலையில் உழைக்கும் அனைவருக்கும் என் மனமார்ந்த பாராட்டுகள்.”

வணக்கத்தைக் கழித்தால் நான்கே வாக்கியம். எழுதப் பத்து நிமிஷம், அதில் ஒன்பது நிமிஷம் இரண்டாவது வாக்கியத்துக்குப் போயிற்று. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பாராட்டுக் கடிதம் ஆயிரம் வருகிறது. வங்கிக்காரர் அனுப்புவார், இன்ஷூரன்ஸ்காரர் அனுப்புவார், எல்லாவற்றிலும் ‘தங்கள் அயராத உழைப்பு’ இருக்கும். அவர்களுக்கு நம் தொழில் தெரியாது, அதற்கு மேல் எழுத முடியாது. போட்டியாளருக்குத் தெரியும். கிராமத்தில் பம்ப் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், சூடாகும், வயரின் மேல்பூச்சு கருகும், காயில் போய்விடும். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே இழுத்து ரீவைண்டிங் செய்து மறுபடி இறக்குகிற வரைக்கும் விவசாயியின் பயிர் காயும். அந்தச் சூட்டைத் தாங்குகிற மோட்டார் செய்ய என்ன பாடு பட வேண்டும் என்று வங்கிக்காரருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நானும் அதே பாடு படுகிறவன். ஆகவே அந்த ஒரு விஷயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதுதான் போட்டியாளரின் கடிதத்துக்கு உள்ள மதிப்பு. வேறு யாரும் அதை எழுத முடியாது.

ஆனால் அதற்கு மூன்று கட்டு உண்டு. முதலாவது, அது உண்மையாக இருக்க வேண்டும். அடுத்த மாதம் ஒரு கடைக்காரரிடம் நம் சேல்ஸ்மேன் அதே மோட்டாரைக் குறை சொல்வான் என்றால், அதை எழுதாதீர்கள். இரண்டாவது, அது வெளியில் எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். அவருடைய பட்டறைக்குள் நடக்கிற சங்கதி எதையாவது எழுதினால், ‘இது இவருக்கு எப்படித் தெரியும்?’ என்று கேள்வி எழும். அதனால்தான் ‘கடைக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்’ என்று எழுதினேன். அவருடைய ஸ்டாம்பிங் எங்கே வாங்குகிறார், வார்னிஷ் என்ன போடுகிறார் என்பதெல்லாம் எனக்கு ஓரளவு தெரியும். எழுதவில்லை. மூன்றாவது, அவர் அந்தக் கடிதத்தைத் தன் கேட்லாக்கில் அச்சடித்தாலும் நமக்குச் சங்கடம் வரக் கூடாது. கடிதம் நம் கையை விட்டுப் போன பிறகு அது அவருடைய சொத்து. ‘தங்கள் மோட்டாருக்கு இணையில்லை’ என்று எழுதினால், நாளைக்கு அதைக் கடைக்காரர் நம்மிடமே நீட்டுவார். சொல்லக்கூடிய உண்மை எதுவும் கைவசம் இல்லையென்றால் அந்த வாக்கியத்தையே விட்டுவிடுங்கள். வெறும் இரண்டு வரிப் பாராட்டு, பொய் சேர்ந்த நான்கு வரியைவிட நல்லது.

விருதே விலைக்கு வாங்கியது என்று தெரிந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கட்டணம் கட்டினால் கேடயம் கொடுக்கிற இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அதற்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. எழுதாமல் இருப்பதில் அவமதிப்பு இல்லை. யாரிடமும் அதைப் பேசாமல் இருந்தால் போதும்.

நடைமுறையில் சில விஷயங்கள். செய்தி வந்த அன்றே, மிஞ்சினால் மறுநாள், கடிதம் போய்ச் சேர வேண்டும். இரண்டு வாரம் கழித்து வருகிற பாராட்டைப் படிக்கிறவர், ‘எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் யோசித்திருக்கிறார்’ என்றுதான் நினைப்பார். விருதின் முழுப் பெயரையும் அவருடைய கம்பெனிப் பெயரையும் அவர்கள் போர்டில் எழுதியிருக்கிறபடியே எழுதுங்கள். என்ஜினீயரிங்கா, இன்ஜினியரிங்கா என்று போர்டைப் பார்த்து எழுதுங்கள். பக்கத்துத் தெருவில் இருபது வருஷம் இருந்துவிட்டு அவர் பெயரைத் தப்பாக எழுதினால், மற்ற எதுவும் மனதில் ஏறாது. மேனேஜர் கையெழுத்து வேண்டாம், முதலாளி கையெழுத்து வேண்டும், மையில் வேண்டும். கவருக்குள் கேட்லாக், காலண்டர், விசிட்டிங் கார்டு எதுவும் வைக்காதீர்கள். பேனர் கட்டாதீர்கள். பேனரில் கடைசியில் நம் போட்டோ அவர் போட்டோவைவிடப் பெரிதாகத்தான் வந்து நிற்கும், அச்சடிக்கிறவர் நம் ஆள் என்பதால்.

வாட்ஸ்அப்பில் அன்றைக்கே இரண்டு வார்த்தை அனுப்புவதில் தப்பில்லை. ஆனால் அது கடிதம் ஆகாது. அதைவிட முக்கியம், நம் ஆட்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். முதலாளி கடிதம் அனுப்புகிறார், அதே நாளில் சேல்ஸ் பையன் தன் ஸ்டேட்டஸில் ‘விருது வாங்கினால் மோட்டார் ஓடுமா?’ என்று போடுகிறான். எங்களிடமே இது நடந்தது. சங்கத்தில் யாரோ காட்டினார்கள். அன்று மாலையே பையனைக் கூட்டிக்கொண்டு விருது வாங்கியவரிடம் நேரில் போய் வருத்தம் சொல்லிவிட்டு வந்தேன். கடிதம் கம்பெனியின் பெயரில் போகிறது என்றால் கம்பெனியில் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்று அன்றைக்குத்தான் எங்கள் ஆட்களிடம் விளக்கமாகப் பேசினேன்.

கடிதத்தை நீட்டாதே என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் மரியாதைக் கணக்கு அல்ல. என் முதல் கடிதத்தைப் பாருங்கள். முதல் வாக்கியத்தை ‘இந்தத் தடவை’ இல்லாமல் எழுதி, அங்கேயே நிறுத்தியிருந்தால் அது நல்ல கடிதம். அதற்குப் பிறகு சேர்த்த ஒவ்வொரு வாக்கியமும் நானே உள்ளே வருவதற்குத் திறந்த கதவு. நம்மைப் பற்றிச் சொல்லாமல் நான்கு வாக்கியம் எழுதலாம். ஐந்தாவதில் ‘நாங்கள்’ வந்துவிடும். எழுதி முடித்ததும் ‘நான்’, ‘நாங்கள்’, ‘எங்கள்’, ‘என்’ ஆகிய சொற்களை எண்ணிப் பாருங்கள். வினைமுற்றுகளையும் பாருங்கள், ‘அறிவோம்’ என்பதற்குள்ளும் ஒரு ‘நாங்கள்’ இருக்கிறது. செய்தியைப் படித்தேன், கேட்டேன், பாராட்டுகிறேன் என்பதற்கு மேல் நமக்கு அந்தக் கடிதத்தில் வேலை இல்லை.

அந்த இரண்டாவது கடிதத்துக்கு அவர் இரண்டு வரி பதில் அனுப்பினார். நன்றி, தொழிலாளர்களிடம் படித்துக் காட்டினோம் என்று எழுதியிருந்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆறு மாதம் கழித்து, அவரிடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிப்போகிற ஒரு வைண்டிங் அம்மா, வழியில் எங்கள் கேட்டில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் கடிதத்தை அங்கே வருகைப் பதிவு அட்டை வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்களாம். காயில் எரியாத மோட்டார் என்று இருக்கிற வரிக்குக் கீழே யாரோ பேனாவால் கோடு போட்டிருக்கிறார்களாம். அந்த அம்மா சுற்றிய காயில்தான் அது. ‘எங்க வேலையைப் பத்தி வெளியாளு எழுதுன ஒரே லெட்டருங்க அது’ என்றார்கள்.

இளையவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதத் தினசரிகளைப் புரட்டுங்கள். உங்கள் தொழிலில், உங்கள் ஊரில், யாருக்காவது விருது வந்திருக்கும். வந்து பத்து நாள் ஆகியிருந்தால் விட்டுவிடுங்கள். நேற்று வந்திருந்தால், வீட்டுக்குப் போனதும் லெட்டர்பேடை எடுங்கள்.